மில்லிமீட்டரில் தொடங்கி அங்குலத்தில் முடியும் வரி

காரின் டயர் ஓரத்தில் புடைத்து நிற்கும் எழுத்துகளில் என் கண் முதலில் தேடுவது 185/65 R15 போன்ற அந்த ஒரு வரியைத்தான். முதல் எண் மில்லிமீட்டர், அடுத்தது சதவீதம், கடைசி எண் அங்குலம். ஆளுக்கொரு கணக்கில் நிற்கும் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு டயரின் உருவத்தை முழுசாகச் சொல்லிவிடுகின்றன.

185 என்பது டயரின் அகலம். சாலையில் பதியும் பட்டையின் அகலம் என்றே பலரும் நினைக்கிறார்கள், அது இல்லை. அதற்கென்று குறித்த ரிம்மில் மாட்டிக் காற்றடைத்தபின், ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரை உள்ள அதிகபட்ச அகலம் இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு: புடைத்த எழுத்துகளின் கனம் இந்த அளவில் சேராது. 185 என்று சொல்லும் எழுத்தே 185-க்குள் வராது! ரிம்மை அரை அங்குலம் அகலமாக மாற்றினால், அதே டயர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரிந்துகொள்ளும்.

65 தனியாக ஓர் அளவே அல்ல. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ஆகவே 205/65 என்று வாங்கினால், 65 மாறாமலே சுவர் 133 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும்.

R என்பது உள்ளே இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் ரேடியல் டயர் என்பதற்கான அடையாளம். அடுத்துள்ள 15, ரிம்மின் விட்டம். டேப்பை அலாய் வீலின் வெளி விளிம்பில் பிடித்தால் ஓர் அங்குலத்துக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். டயரின் உள்விளிம்பு போய் உட்காரும் இடத்தில்தான் 15 கிடைக்கும்.

இனி மொத்த உயரத்தைப் பார்க்கலாம். 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்களைக் கூட்டினால் சுமார் 621. அதே ரிம்மில் 205/65 மாட்டினால் 647. நான்கு சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. எனவே, முன்பு காட்டியதைவிட இப்போது குறைத்துக் காட்டும். வளைத்துத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும்.

விவரம் தெரிந்த கடைக்காரர் 16 அங்குல ரிம் கேட்பவருக்கு 195/55 R16 எடுத்துக் கொடுப்பார். கூட்டிப் பாருங்கள், இதுவும் 621-தான். ரிம் வளர்ந்த அளவுக்குச் சுவர் குறைந்து உயரம் அப்படியே நிற்கிறது. அந்தப் பொருத்தம் அழகுதான். ஆனால் சுவர் இப்போது 107 மில்லிமீட்டர். குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 13 மில்லிமீட்டர் மெத்தை குறைந்திருக்கும். நம் ஊர்ச் சாலைகளுக்கு நான் 65-ஐயே விரும்புவேன்.