நிலைபெற்ற வசனமும் நழுவும் வாதமும்: மறையுரைத் தமிழாக்கத்தில் ஒரு சிக்கல்

ஆங்கில மறையுரை ஒன்றைத் தமிழாக்குவோர்க்குத் திருச்சபை அச்சகங்கள் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: மேற்கோளாக வரும் வேதவசனத்தை மொழிபெயர்க்காதே, சபையார் கையில் உள்ள வேதாகமத்திலிருந்து அப்படியே எடுத்து எழுது. இவ்விதி நல்லது. தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த வசனத்தை ஒருவர் தம் சொந்தச் சொற்களில் புதிதாகத் தருவாரேயாகில், கேட்போர் அதை வசனமாகவே ஏற்கமாட்டார். ஆயினும் விதியை எங்கும் ஒரே சீராகச் செலுத்தும்போது வசனம் பிழைக்கிறது. மறையுரையின் வாதம் மாய்கிறது. இதனை ஒரே ஒரு வசனத்தைக் கொண்டு இங்கு ஆராயலாம்.

அண்மையில் தென்சென்னைச் சபை ஒன்றின் ஆங்கில மறையுரையினது எழுத்துப்படியும் அதன் தமிழாக்கமும் என் பார்வைக்கு வந்தன. உரையின் பொருள் உரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம். பேச்சாளர் முதல் வசனத்தை இக்கால ஆங்கிலப் பதிப்பு ஒன்றிலிருந்து வாசிக்கிறார். கிறிஸ்துவுக்குள் இருப்பவர்க்கு ஆக்கினை இல்லை என்னும் பொருளோடு அப்பதிப்பில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அவர் அந்த முற்றுப்புள்ளியையே தம் வாதத்தின் அச்சாணியாக்கிக்கொள்கிறார். ‘பவுல் இங்கே எந்த நிபந்தனையும் வைக்கவில்லை, வாக்கியம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்’ என்பது அவர் பேச்சின் சாரம்.

தமிழாக்கியவர் விதிக்குக் கீழ்ப்படிந்து 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருத்தப் பதிப்பிலிருந்து வசனத்தை முழுமையாக எடுத்து வைத்தார். அப்பதிப்பிலோ ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொடர் கூடுதலாக உள்ளது: மாம்சத்தின் வழியில் நடவாது ஆவியின் வழியில் நடப்பவர் என்று அம்மக்களை அது மேலும் வரையறுக்கிறது. அடுத்த வரியிலேயே ‘நிபந்தனை எதுவும் இல்லை’ என்று பேச்சாளர் சொல்வதாக அமைந்துவிட்டது. தமிழ்ப் படியை மட்டும் வாசிப்பவர்க்குப் பேச்சாளர் தாம் வாசித்த வசனத்தைத் தாமே கவனிக்காதவர்போலத் தோன்றுகிறார். மொழிபெயர்ப்பாளர் பிழை செய்யவில்லை, பேச்சாளரும் செய்யவில்லை. இருவர் கையிலிருந்த மூலங்களே வேறு.

ஜேம்ஸ் அரசர் பதிப்பு (1611) பின்பற்றிய கிரேக்கப் பாடத்தில் அக்கூடுதல் தொடர் உண்டு. வத்திக்கான் சுவடி முதலிய பழஞ்சுவடிகளில் அது இல்லை. அதே தொடர் நான்காம் வசனத்தில் எல்லாச் சுவடிகளிலும் இருப்பதால், படியெடுத்தோர் அதனை முதல் வசனத்திற்கும் கொண்டுவந்தனர் என்பது பாடத்திறனாய்வாளர் பலரின் முடிவு. 1881இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் புதிய ஏற்பாடு அதனை நீக்கியது. தமிழ்ப் பதிப்போ அதற்குப் பத்தாண்டு முந்தியது.

‘நிலைபெற்ற சொல்’ என்பதும் ஒருநாளில் நிலைபெற்றதன்று. வேப்பேரியில் பணியாற்றிய ஃபப்ரீசியஸின் தமிழ் சபைகளில் ஊறியிருந்த காலத்தில், பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்தில் ஆக்கிய மொழிபெயர்ப்பு தமிழ்நடையில் மேம்பட்டதாயிருந்தும் சென்னையில் அதனிடத்தைப் பிடிக்கவில்லை. பவர் தலைமையிலான குழு இரண்டையும் கருத்திற்கொண்டே 1871 பதிப்பை உருவாக்கிற்று. நூற்றைம்பது ஆண்டுகளாக மனப்பாடமாகி வந்த அச்சொற்களை ஒரு மறையுரை மொழிபெயர்ப்பாளர் தம் பேனாவால் திருத்த முற்படுவது வீண் முயற்சியே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? கூடுதல் தொடரை ஓசையின்றி வெட்டிவிடலாம். ஆனால் வாசகர் வேதாகமத்தைத் திறந்த மறுகணமே வசனம் சிதைக்கப்பட்டது வெளிப்படும். அதன்பின் அப்படியில் உள்ள எந்த மேற்கோளையும் அவர் நம்பமாட்டார். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை இவ்வொரு வசனத்திற்கு மட்டும் நாடலாம். அதன் பாடம் பேச்சாளரின் பாடத்தோடு ஒத்துப்போகும். எனினும் ‘மாம்சம்’ என்று பழகிய செவிக்கு ‘ஊனியல்பு’ என்பது வேறொரு சபையின் குரல். அவ்வதிகாரம் நெடுகிலும் இவ்விரு சொற்களும் மாறிமாறி வருமாயின், இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் தமிழ் என்பதை வாசகர் எவ்வாறு அறிவார்?

என் முடிவு இது: வசனத்தை 1871 பதிப்பின்படி முழுமையாகவே தருக, பேச்சாளர் வாக்கியத்தின் முடிவைச் சுட்டும் இடத்தில், அவர் வாசித்த ஆங்கிலப் பதிப்பில் வசனம் முன்னதாகவே முடிகிறது என்றும், எஞ்சிய தொடர் அதில் நான்காம் வசனத்தில் மட்டும் வருகிறது என்றும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஒரே வரி சேர்க்க. நான்காம் வசனத்தைச் சுட்டுவது பேச்சாளரின் வாதத்தைச் சற்று வலுவிழக்கச் செய்யலாம். அது வாசகர் தீர்க்க வேண்டியது. மொழிபெயர்ப்பாளர் மறைக்கவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா.

அதே தமிழாக்கத்தில் இன்னொரு முறிவும் உண்டு. இது முன்னதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது. வசனத்தில் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்று நிற்கும் சொல்லைப் பேச்சாளர் அடுத்த சில நிமிடங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார். தமிழாக்கியவர் அவ்விடங்களிலெல்லாம் ‘கண்டனம்’ என்று எழுதியிருக்கிறார். இன்றைய நாளேட்டுத் தமிழில் கண்டனம் என்பது அரசியல் கட்சிகள் விடுக்கும் அறிக்கை; அதற்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. வசனத்திற்கும் விளக்கத்திற்கும் இடையிலான இழை இங்கே அறுந்துபோகிறது. விளக்கத்தின் முதலிரு இடங்களிலேனும் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்றே எழுதி, ‘தண்டனைக்கு உட்படுத்தும் தீர்ப்பு’ என ஒருமுறை விரித்துவிட்டால் இழை அறாது. இதனைக் கண்டறிய அரிய முறை எதுவும் வேண்டியதில்லை. வசனத்தைத் தொடர்ந்து பேச்சாளர் மீண்டும் மீண்டும் ஆளும் சொற்களை ஆங்கிலப் படியில் அடிக்கோடிட்டு, அவற்றின் தமிழ்ச்சொல் நாம் எடுத்துவைத்த வசனத்துள் உண்டா என்று பார்த்தாலே போதும். பின்னர் ஆங்கிலப் படியை மூடிவிட்டுத் தமிழை மட்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிழை அப்போதே கண்ணுக்குப் படும்.

எந்தப் பதிப்பின் சொல் ‘நிலைபெற்றது’ என்பதும் கேட்பவரைப் பொறுத்தது. மயிலாப்பூர்ச் சாந்தோமுக்கும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பெற்ற கதீட்ரல் சாலைப் பேராலயத்திற்கும் இடையே சில கிலோமீட்டரே தொலைவு. இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் முன்னதன் மக்கள் ‘ஆயர்’ என்றும் பின்னதன் மக்கள் ‘மேய்ப்பர்’ என்றும் கேட்டுப் பழகியவர். ஆயர் என்பதோ கத்தோலிக்கர்க்கு மறைமாவட்டத் தலைவரையும், தென்னிந்தியத் திருச்சபையினர்க்கு உள்ளூர்க் குருவானவரையும் குறிக்கும் பதவிப் பெயர். மேய்ப்பனையும் சபைத் தலைவனையும் இணைத்துப் பேசும் ஒரு மறையுரை ஒரு சபைக்காகத் தமிழாக்கப்பட்டபின் மறுசபையின் இதழில் அப்படியே மறுபதிப்பாகுமானால், பேச்சாளர் எண்ணாத வேறோர் ஆள் அவ்வுரைக்குள் நுழைந்துவிடுவார்.

மேற்கோள் என்று அறிவிக்கப்படாது பேச்சில் கரைந்து வரும் வேதச் சொற்கள் வேறு வகை. பேச்சாளர் நினைவிலிருந்து இரு வசனங்களைக் கலந்து சொல்வார், பாதியில் நிறுத்துவார், தம் சொற்களில் சுருக்குவார். அவற்றை அச்சுப் பதிப்பின் வசனத்தால் ‘திருத்துவது’ பேச்சாளரை அவர் சொல்லாததைச் சொல்லவைப்பதாகும். மேற்குறித்த தமிழாக்கத்தில் இத்தகைய இடங்களிலெல்லாம் முழு வசனமும் அதிகார எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தன. உரையின் இறுதியில் பேச்சாளர் மூச்சிறைக்கச் சொல்லும் நான்கு சொற்கள், தமிழில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வசனங்களாகி நிற்கின்றன.