‘பாதிப்பு இல்லை’ என்று எழுதும் முன்

ஊடுருவல் அறிக்கை ஒன்று வெளியான மறுநாள் நம் அலுவலகங்களில் நடப்பது தெரிந்ததுதான். பின்னிணைப்பில் உள்ள ஐ.பி. முகவரிகளைப் பழைய ஃபயர்வால் பதிவுகளில் தேடுவார்கள். ஒன்றும் சிக்காவிட்டால் ‘பாதிப்பு இல்லை’ என்று மேலிடத்துக்குக் கடிதம் போய்விடும். கேட்டால், கையில் இருப்பதைத் தேடினோம், வேறென்ன செய்ய என்பார்கள்.

தேடுவதில் தவறில்லை. மலிவான வேலை, ஒரு மணி நேரத்தில் முடியும். அறிக்கை வந்தபின் முகவரிகளைத் தடுப்பதைவிடப் பயனுள்ளதும் கூட. உதாரணத்துக்கு, 2021 பிப்ரவரி 28 அன்று ரெக்கார்டட் ஃப்யூச்சர் நிறுவனம், ‘ரெட்எக்கோ’ என்று தான் பெயரிட்ட சீனக் குழு இந்திய மின்துறையைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. விஷயம் வெளிவந்ததும் அந்தக் குழு தன் டொமைன்கள் சிலவற்றைக் கைவிட்டது. ஆள் காலி செய்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? அந்த முகவரிகள் பேசுவது கடந்த காலத்தைப் பற்றித்தான்.

என் சண்டை, தேடிக் கிடைக்காததற்குக் கொடுக்கும் பொருளோடு. ரெட்எக்கோ அறிக்கை வந்த மறுநாளே மின் அமைச்சகம் விளக்கம் தந்தது: என்.சி.ஐ.ஐ.பி.சி. பிப்ரவரி 12 அன்று எச்சரித்தது, முகவரிகள் தடுக்கப்பட்டன, அவற்றோடு தொடர்போ தரவுப் பரிமாற்றமோ நடைபெறவில்லை. எந்தத் தேதியிலிருந்து நடைபெறவில்லை? அந்த விளக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. ரெக்கார்டட் ஃப்யூச்சர் சொன்னதோ 2020-இன் நடுப்பகுதியிலிருந்து நடந்துவந்த விவகாரம். ஒரு நிலையத்தின் ஃபயர்வால் 90 நாள் பதிவு வைத்திருந்தது என்று கொள்வோம். பிப்ரவரி 12 அன்று உட்கார்ந்து தேடினால் 2020 நவம்பர் 14 வரைதான் போக முடியும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் உத்தரவில் கட்டாயமாக்கிய 180 நாள் அப்போதே இருந்திருந்தாலும் ஆகஸ்ட் 16-இல் நின்றுவிடும். ஜூனில் வந்து ஜூலையில் போனவன் இரண்டிலும் அகப்பட மாட்டான்.

புதிய சிறுகோள் ஒன்று தென்பட்டால் வானியலாளர்களும் பழைய படத்தட்டுகளைத் தேடிப் பார்ப்பதுண்டு. தட்டில் இல்லையென்றால் ‘அது அங்கே இல்லை’ என்று எழுதிவிட மாட்டார்கள். எந்த இரவின் படம், வானத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு மங்கலான பொருள்வரை அதில் பதியும் என்பதையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த எல்லையைச் சொன்னால்தான் ‘காணோம்’ என்பது தகவலாகும். நம் கணினித் துறைக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை.

காலம் ஒரு எல்லை என்றால், எது பதிவாகிறது என்பது இன்னொன்று. இடம் மிச்சமாகட்டும் என்று, மறுத்த இணைப்புகளை மட்டும் பதியும்படி பல ஃபயர்வால்களை அமைத்திருப்பார்கள். உள்ளிருந்து வெளியே போக அனுமதித்த இணைப்பு அதில் ஒரு வரி கூட விடாது. நாம் தேடுவதோ அந்த வரியைத்தான்!

தேடலே ஊமையாகிவிடுவதும் உண்டு. தவறிக்கூட யாரும் சொடுக்கிவிடக் கூடாது என்று அறிக்கைகளில் முகவரியின் புள்ளிகளை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். கீழே முதல் வரியில் உள்ளதுபோல் அதை அப்படியே iplist.txt கோப்பில் ஒட்டி, இரண்டாம் வரியில் உள்ள கட்டளையைக் கொடுக்கிறார்கள்:

```
203[.]0[.]113[.]45
zgrep -hwF -f iplist.txt fw-*.log.gz
```

`-F` எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பதிவில் அடைப்புக்குறி ஏது? விடை பூஜ்யம். கோப்பை விண்டோஸில் சேமித்திருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும், அப்போதும் பூஜ்யம்தான். பிழைச் செய்தி எதுவும் வராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பதிவில் கட்டாயம் இருக்கும் என்று நமக்குத் தெரிந்த முகவரி ஒன்றையும் பட்டியலில் சேர்ப்பது. அறிக்கை முகவரிகள் இருக்கும் அதே வடிவில், அதே கோப்பில் அதையும் எழுத வேண்டும். அதுவும் அகப்படவில்லை என்றால் தேடலே நடக்கவில்லை. இதைச் செய்பவர்கள் எத்தனை பேர்? ‘முடிவுகள் 0’ என்ற திரைப்பிடிப்பை இணைத்துக் கோப்பை மூடிவிடுவதுதான் சுலபம்; தணிக்கையாளரும் கேட்க மாட்டார்.

ஆகவே இப்படி ஒரு கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால் மூன்று விவரங்களைப் பாருங்கள்: மிகப் பழைய பதிவின் தேதி, அனுமதித்த இணைப்புகளும் பதிவாயினவா, சோதனை முகவரி அகப்பட்டதா. ஒன்று குறைந்தாலும் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.