சொல்லந்தாதி: ஈற்றெழுத்துச் சண்டைகள்

ஒருவர் 'நிலா' என்கிறார். அடுத்தவர் 'லாந்தர்' என்று தொடுக்கிறார். பக்கத்தில் இருப்பவர், "அது எதற்கு? நிலா ஆகாரத்தில் முடிகிறது, 'ஆடு' என்பதுதான் சரி" என்கிறார். மூன்றாமவருக்கு இரண்டும் வேண்டாம். லகர வரிசையில் எது வந்தாலும் போதும் என்று 'லட்டு' என்கிறார். மூவரும் ஒரே விதியைத்தான் சொல்கிறார்கள்: முன்சொல் எந்த ஒலியில் முடிந்ததோ அந்த ஒலியில் அடுத்த சொல் தொடங்க வேண்டும். சொல்லின் கடைசி ஒலி எது என்பதில்தான் மூவரும் மூன்று பள்ளிகளாகப் பிரிகிறார்கள்.

இந்தப் பிரிவினை ஆடுபவர்களின் பிடிவாதத்தால் வந்ததல்ல. தமிழில் சொல்லை முடிக்கும் எழுத்துகள் வேறு, சொல்லைத் தொடங்கும் எழுத்துகள் வேறு. நன்னூல் கணக்கில் 12 உயிரும், 10 மெய்களின் வரிசையில் வரும் உயிர்மெய்களும் சொல்லுக்கு முதலில் நிற்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டுக்கும் அங்கே இடமில்லை. ஈற்றுக்கு வந்தால் 12 உயிர், 11 மெய், குற்றியலுகரம் ஒன்று என 24. அந்த 11 மெய்களில் ஞ், ந், வ் மூன்றும் இன்று நாம் பேசும் சொற்களின் கடைசியில் வருவதே இல்லை எனலாம். மிஞ்சுபவை ண், ம், ய், ன், ர், ல், ழ், ள். இந்த எட்டில் சொல்லைத் தொடங்கவும் தெரிந்தவை மகரமும் யகரமும் மட்டும்தான். யகரத்திலும் யானை, யாழ், யாத்திரை என்று சிலவற்றைச் சொன்னதும் மூச்சு வாங்கும். ஆக, கண், மீன், தேர், கடல், தமிழ், வாள் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொற்கள் எல்லாம் இந்த ஆட்டத்தில் முட்டுச்சந்துகள். அந்தச் சந்திலிருந்து எப்படி வெளியே வருவது என்பதற்குக் கிடைத்த விடைகளே பள்ளிகள்.

மிகக் கண்டிப்பானது ஈற்றெழுத்துப் பள்ளி. எழுதினால் கடைசியில் எந்த எழுத்து நிற்கிறதோ அதே எழுத்தில் தொடங்க வேண்டும். மெய்யில் முடியும் சொல்லைச் சொன்னவர் அந்த நொடியே தோற்றார். கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் மெய்யை விலக்கியதால் மட்டும் வழி திறந்துவிடாது. யானை, வாழை, பாறை, வேளை, வீணை எல்லாம் உயிர்மெய்யில்தான் முடிகின்றன. ழையிலோ றையிலோ ளையிலோ தொடங்க என்ன இருக்கிறது? காடு, வயிறு என்றாலும் அதே கதி. இந்தப் பள்ளியில் ஓடக்கூடிய தடம் குறுகலானது. அந்தக் குறுகலிலும் ஓர் அழகு உண்டு: திசை, சைகை, கைதி என்று மூன்று சொல் சொன்னால் கைதியின் 'தி' மறுபடி திசைக்கே கொண்டுவந்து விடும். செய்யுளில் இறுதி முதலோடு வந்து கூடுவதை மண்டல அந்தாதி என்பார்கள், கூடாமல் போவதைச் செந்நடை அந்தாதி என்பார்கள். திசை–சைகை–கைதி மூன்றே சொல்லில் ஒரு மண்டலம். தனியாக உட்கார்ந்து மண்டலம் கட்டுகிறவர்களுக்கு ஈற்றெழுத்துப் பள்ளியே ஏற்றது. எதிரெதிரே அமர்ந்து ஆட அது உதவாது என்பது என் கருத்து. இரண்டாவது சுற்றிலேயே யாராவது வாழை என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவிடுவார்.

அடுத்தது உயிர்ப் பள்ளி. இலக்கணம் பயின்றவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். புணர்ச்சி விதிகளில் யானையை ஐகார ஈறு என்றும் நிலாவை ஆகார ஈறு என்றும்தான் சொல்கிறோம். உயிர்மெய்யில் மெய் முன்னே ஒலிக்கிறது, உயிர் பின்னே ஒலிக்கிறது. ஆகவே சொல்லின் கடைசி ஒலி உயிரே. 12 உயிரும் சொல்லைத் தொடங்கும் என்பதால் உயிரில் முடியும் எந்தச் சொல்லும் இங்கே முட்டுச்சந்து ஆகாது. காடு என்றால் உகரம், உடனே 'உலகம்' என்று போகலாம். காடு முடிவது முழு உகரமா, குற்றியலுகரமா என்று கேட்டு மடக்கும் குறும்பரும் உண்டு. அவரை விட்டால் ஆட்டம் நடக்காது: குற்றியலுகரத்தில் தொடங்கும் சொல்லாக உரையாசிரியர்கள் காட்டுவது 'நுந்தை' ஒன்றையே. காடு, வீடு, மாடு மூன்றுக்கும் நுந்தையையே திரும்பத் திரும்ப அழைக்க முடியாது.

இந்தப் பள்ளியின் போர்க்களம் ஐகாரம். மலை, கலை, மாலை, பூனை என்று ஐயில் முடியும் சொற்கள் நாவில் வந்து விழுகின்றன; ஐயில் தொடங்குபவை சட்டென்று கைக்கு வருவதில்லை. ஓர் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும். முதலாமவர் 'மலை' என்று தொடங்குகிறார், இரண்டாமவர் 'ஐந்து' என்கிறார். உகரத்துக்கு 'உலை' வருகிறது, மறுபடி ஐ. 'ஐப்பசி' என்று தப்பினால் இகரத்துக்கு 'இலை'. 'ஐயம்' என்று தப்பினால் மகரத்துக்கு 'மழை'. 'ஐம்பது' என்றால் மறுபடி உகரம், அதற்கு 'உடை'. முதலாமவர் எங்கே போனாலும் ஐகாரத்துக்கே இழுத்து வருகிறார், இரண்டாமவரின் கையிருப்பு கரைகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் இரண்டாமவர் தொலைந்தார் என்று நினைக்கும்போது அவர் 'ஐந்திணை' என்கிறார். ஐயில் தொடங்கி ஐயிலேயே முடியும் சொல். இப்போது ஐகாரம் தேட வேண்டியவர் முதலாமவர். எளிதான சொற்களையெல்லாம் எதிராளியே எடுத்துத் தீர்த்துவிட்டார். தாமோ இதுவரை ஒரு ஐகாரச் சொல்லையும் யோசித்து வைக்கவில்லை. அவர் 'ஐம்பொறி' என்று கண்டுபிடித்தால் பிழைத்தார். இரண்டாமவரிடம் 'ஐவகை' இன்னும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தாக்கும் எழுத்தைத் தேர்ந்தவர் அதே எழுத்துக்கான விடையையும் சேமித்து வைக்க வேண்டும். இந்தப் பள்ளியில் நன்றாக ஆடுபவர்கள் ஐந்திணையை முதலிலேயே செலவழிப்பதில்லை.

உயிர்ப் பள்ளி உயிரீற்றுக்கு விடை சொன்னது. மெய்யீறு மிச்சம் இருக்கிறது. அங்கேதான் வரிசைப் பள்ளி வருகிறது. மரம் என்றால் மகர வரிசையில் எதுவும் சொல்லலாம். வீட்டிலும் பேருந்திலும் கல்லூரிச் சுற்றுலாவிலும் பெரும்பாலோர் ஆடுவது இதுதான். பாட்டில் ஆடும் அந்தாட்சரிக்கும் இதுவே பழக்கம். இலங்கை வானொலியிலும் பிறகு சன் தொலைக்காட்சியிலும் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர்களுக்கு எழுத்தைப் பிடித்துத் தொடுப்பது இரண்டாம் இயல்பு. சொல்லாட்டத்தில் இந்தப் பள்ளிக்கு ஒரு நோய் உண்டு. மரம், மனம், மாதம், முகம், மேகம், மோகம் என்று மகரத்தில் தொடங்கி மகரத்தில் முடியும் சொற்களுக்கு அளவே இல்லை. இரண்டு சோம்பேறிகள் அமர்ந்தால் சாயங்காலம் வரை மகரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். நடுவர் இருந்தால், மகரத்துக்கு மகர ஈறு தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று கட்டு வைப்பது நல்லது.

ன் வந்தால் ந வரிசை என்பதையும் இந்தப் பள்ளி ஏற்கிறது. மீன், பிறகு நகம். எழுத்து வேறு என்று ஆட்சேபிப்பவர்களுக்கு என் பதில்: இது ஒலி விளையாட்டு. பழைய இலக்கணம் நகரத்தைப் பல்லில் பிறப்பதாகவும் னகரத்தை அண்ணத்தில் பிறப்பதாகவும் பிரித்தாலும் இன்று பெரும்பாலோர் நாக்கு சொல்முதல் நகரத்தையும் னகரத்தையும் ஒரே இடத்தில்தான் ஒலிக்கிறது. நகரம் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வரும்; னகரம் முதலில் வராது. ஒன்று விட்ட இடத்தில் மற்றது நிற்கிறது. ணகரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கண் என்பதற்கு நகம் என்று சொன்னால் காது ஒப்பாது.

லகரமும் ரகரமும் அகராதியைப் பொறுத்தவை. லாரி, லட்டு, ரயில், ரசம் ஆகியவற்றைத் தமிழாக ஏற்றால் கடலும் தேரும் பிழைக்கும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போல இன்றைய வழக்கைத் தொகுத்த நூலைச் சாட்சிக்கு வைத்தால் வழக்கு எளிதில் தீரும். தனித்தமிழ்ப் பற்றுள்ள மன்றங்களில் 'லாபம்' என்றால் 'இலாபம்' என்று திருத்துவார்கள். அப்படித் திருத்தியபின் அது லகரத்துக்கு விடையாகாது, இகரத்துக்குத்தான் ஆகும். ஒரே சொல்லை இரண்டு வாசலிலும் நுழைய விடக்கூடாது. எந்த எழுத்துமுறை என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். லகரம் வந்தபிறகு பேசினால் அது சண்டைதான்.

ழ், ள், ண் மூன்றுக்கும் எந்த அகராதியும் பெரிதாக உதவாது. இங்கே தொல்காப்பியம் தெரிந்தவர் ஒரு தந்திரம் செய்வார். சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகளும் தம் பெயரைச் சொல்லும்போது முதலில் வரும் என்று மொழிமரபில் விதி இருக்கிறது. ஆகவே தமிழ் என்றால் 'ழகரம்', வாள் என்றால் 'ளகரம்', கண் என்றால் 'ணகரம்'. இலக்கணப்படி மறுக்கவே முடியாது. ஆனால் எழுத்துக்கு ஒரு முறைதான் பயன்படும், அதுவும் எதிராளிக்கு வளமான மகரத்தைத் தந்துவிட்டுப் போகும். நான் நடுவராக இருந்தால் அனுமதிப்பேன். சிலர் ஏமாற்று என்று தள்ளுவார்கள். தள்ளுபவர்கள் பெரும்பாலும் ஈற்றயல் முறைக்குப் போகிறார்கள்: கடைசி மெய்யை விட்டு முந்தின எழுத்தை எடுப்பது. தமிழ் என்றால் 'மி', அதற்கு மிளகு. வாள் என்றால் 'வா', அதற்கு வாசல். எல்லாச் சொல்லுக்கும் இதையே விதியாக்கினால் மரம் ரகரத்தில் போய் முட்டும், பாடம் டகரத்தில் முட்டும். மற்ற வழிகள் அடைந்த பிறகே திறக்கும் கொல்லைக்கதவாக இதை வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்பது புலவர் பள்ளி. யாப்பருங்கலக்காரிகை வழியே வரும் மரபில் எழுத்து மட்டுமல்ல, அசையும் சீரும் அடியுங்கூட அந்தாதியாகத் தொடுக்கப்படும். அபிராமி அந்தாதியில் முதல் பாட்டு முடியும் சொல்லில் உள்ள 'துணை'யே இரண்டாம் பாட்டின் தொடக்கம். ஈற்றிலிருந்த ஏகாரத்தை அங்கே யாரும் சுமந்து போகவில்லை. நூறாம் பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதற்சொல்லோடு வந்து கூடும்போதும் விகுதி மாறியே கூடுகிறது. விளையாட்டில் இதைக் கூட்டுச்சொற்களைக் கொண்டு ஆடலாம்: நீர்நிலை, நிலைப்படி, படிக்கட்டு, கட்டுமரம், மரக்கிளை. கட்டுமரத்தின் கடைசி மகரம் மரக்கிளையில் புணர்ச்சியால் கெட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அபிராமி பட்டர் செய்ததும் அதுதான். மெய்யீற்றுத் தொல்லையே இல்லாத ஒரே பள்ளி இது. ஆனால் மெதுவாக நகரும், நேரக் கணக்கு வைத்து ஆட முடியாது.

எந்தப் பள்ளியானாலும் நடுவர் முதலில் தடுக்க வேண்டியது பன்மையை. ஆடு என்று சொல்ல வேண்டியவர் 'ஆடுகள்' என்பார், மரம் என்று சொல்ல வேண்டியவர் 'மரங்கள்' என்பார். எந்தப் பெயரோடும் 'கள்' ஒட்டி எதிராளியை ளகரத்தில் தள்ளிவிடலாம். அடுத்து வினைமுற்று: வந்தான், போனாள், நின்றார் என்று விகுதியை மாற்றி மாற்றி ன், ள், ர் மூன்றையும் வேண்டியபோது வரவழைக்கலாம். இதற்குச் சொல்வளம் வேண்டாம், விகுதி தெரிந்தால் போதும். எழுவாய் வடிவில் நிற்கும் ஒருமைப் பெயர்ச்சொல் மட்டும், ஒருமுறை வந்தது மறுமுறை வராது, பத்து எண்ணும் நேரம் என்று மூன்று கட்டுகளோடு ஆடினால் வரிசைப் பள்ளியும் உயிர்ப் பள்ளியும் கலந்த ஆட்டம் நன்றாக நடக்கும். ஊர்ப்பெயர்களைச் சேர்ப்பதா என்பது மட்டும் அவரவர் விருப்பம். சேர்த்தால் ஐகாரத்துக்கு 'ஐயம்பேட்டை' கிடைக்கும். அதுவும் ஐயில்தான் முடிகிறது.