தள்ளி எடுப்பதா, தள்ளிப் போடுவதா?

ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். முதல் மாதச் சீட்டை வழக்கப்படி கம்பெனியே தள்ளு இல்லாமல் எடுத்துக்கொண்டது. இரண்டாம் மாதம்தான் உறுப்பினர்களுக்கு முதல் ஏலம். பின்வரிசையில் இருந்த தையல்கடை அம்மா ஒருவர் 32,000 தள்ளிக் கேட்டார். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையை ஆட்டினார். "லட்ச ரூபாய்ச் சீட்டை அறுபத்தெட்டாயிரத்துக்கு எடுக்குறாங்க பாருங்க. நான் கடைசியிலதான் எடுப்பேன்" என்றார்.

இருவரில் யார் செய்தது சரி? சீட்டில் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் அதற்குத் தவறான கணக்கில்தான் பதில் சொல்கிறோம்.

இந்தச் சீட்டின் போக்கைக் கணக்குக்கு வசதியாக இப்படி வைத்துக்கொள்வோம். கம்பெனிக் கமிஷன் மாதம் 5,000. முதல் ஏலத்தில் 32,000 ஆக இருந்த தள்ளு மாதத்துக்கு 1,500 வீதம் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் போக 95,000 கைக்கு வருகிறது. தள்ளில் கமிஷன் போக மிச்சத்தை இருபது பேருக்கும் பிரித்தால் அதுதான் கழிவு. முதல் ஏலத்தில் ஆளுக்கு 1,350 கழிவு கிடைத்ததால் அந்த மாதம் 3,650 கட்டினால் போதும். கழிவு மாதாமாதம் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போகும். இருபது மாதமும் சேர்த்து ஒருவர் கட்டுவது 87,175 ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சீட்டு எடுத்தவர், எடுக்காதவர் என்ற பேதமில்லாமல் கழிவு எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால் தையல்கடை அம்மா கட்டுவதும் ஆசிரியர் கட்டுவதும் மாதாமாதம் ஒரே தொகைதான். வித்தியாசம் கைக்கு வருவதில் மட்டுமே: அம்மாவுக்கு இரண்டாம் மாதம் 68,000, ஆசிரியருக்கு இருபதாம் மாதம் 95,000.

முதலில் ஆசிரியரின் கணக்கு. 87,175 கட்டி 95,000 வாங்குகிறார். 7,825 லாபம். கட்டிய பணம் ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் உள்ளே இருந்தது என்று பார்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு மாதம் 93 காசு வட்டி கிடைத்திருக்கிறது. நம் பேச்சில் ஒரு வட்டிக்குச் சற்றுக் குறைவு, வருடத்துக்கு 11 சதவீதம். மாதம் 60 காசு வட்டி தரும் வங்கித் தொடர்வைப்போடு ஒப்பிட்டால் இருபதாம் மாதம் சுமார் 2,900 ரூபாய் அதிகம்.

அம்மாவின் கணக்கில்தான் பலரும் இடறுகிறோம். 68,000 வாங்கி 87,175 கட்டுகிறார், கூடுதல் 19,175. அதை 68,000-க்கும் 18 மாதத்துக்கும் வகுத்து "ஒன்றரை வட்டிதானே" என்கிறோம். ஆனால் 68,000-மும் பதினெட்டு மாதம் அவர் கையில் இருக்கவில்லை. முதல் மாதம் 5,000 முன்பே கட்டியாயிற்று. எடுத்த மாதமே 3,650 போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு தவணையும் அசலையும் குறைத்துக்கொண்டே வருகிறது. சராசரியாக அவரிடம் இருந்த கடன் சுமார் 35,000 தான். அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. ஆக உண்மையான விலை மூன்று வட்டி, வருடத்துக்கு 36 சதவீதம்.

ஒரே சீட்டில் சேமிப்பவருக்கு ஒரு வட்டிக்கும் குறைவு, கடன் வாங்குபவருக்கு மூன்று வட்டி. இடைவெளி எங்கே போனது? மாதாமாதம் கமிஷனாகவும், கம்பெனி தள்ளு இல்லாமல் எடுத்துக்கொண்ட முதல் சீட்டாகவும் போனது.

இனி இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தலாம். கட்டுவது ஒன்றே என்பதால் கேள்வி சுருங்கிவிடுகிறது: இப்போது 68,000 பெரிதா, பதினெட்டு மாதம் கழித்து 95,000 பெரிதா? 68,000 மாதம் 1.87 வட்டியில் வளர்ந்தால் பதினெட்டு மாதத்தில் 95,000 ஆகும். பணத்துக்கு உங்கள் கையில் உள்ள விலை அதற்குக் குறைவென்றால் கடைசிச் சீட்டின் இன்றைய மதிப்பு அதிகம். அதற்கு மேலென்றால் முதல் சீட்டின் மதிப்பு அதிகம். உங்கள் விலை என்பது, சும்மா இருக்கும் பணமானால் அது வேறெங்கே என்ன சம்பாதிக்கும் என்பது. கடன் இருந்தால் அந்தக் கடனின் வட்டி.

ஆனால் இந்த 1.87 ஏற்கெனவே சீட்டில் சேர்ந்துவிட்டவருக்கான கோடு. சேரலாமா என்று யோசிப்பவர் அதைத் தன் விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியாக 1.87 வட்டி விலையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் சமம். கட்டும் தவணைகளின் மதிப்பை அதே வட்டியில் இரண்டாம் மாதத்துக்குக் கொண்டுவந்தால் 74,000 ரூபாய்க்கு மேல் வருகிறது, கிடைப்பது 68,000. எந்த முனையில் எடுத்தாலும் 6,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். நடுவில் எடுத்தால் நஷ்டம் ஆயிரம் ரூபாய்போல் குறையுமே தவிர மறையாது. ஒரு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் நடுவே இருப்பவருக்கு இந்தச் சீட்டில் நல்ல மாதம் என்று ஒன்று இல்லை. அவர் சேராமலிருப்பதே நல்லது.

தையல்கடை அம்மா அந்த நடுப்பகுதியில் இல்லை. அவர் வாசலில் தண்டல்காரர் தினமும் நின்றார். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கும் கடன் அது. கணக்கிட்டால் மாதம் பத்து வட்டி. அதை மூன்று வட்டிப் பணத்தால் அடைத்தவர் ஏமாறவில்லை. அவருக்கு 32,000 தள்ளு விலை அதிகம்தான், ஆனால் தண்டலைவிட மிக மலிவு. அதே தள்ளை, பீரோவில் நகை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டால் அது தவறு. வங்கியில் நகையை அடகு வைத்தால் ஒரு வட்டிக்குள் முடியும் காரியத்துக்கு அவர் மூன்று வட்டி கொடுக்கிறார். கல்யாணச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அவசரப்பட்டுத் தள்ளும் குடும்பங்களில் பல இந்த வகைதான் என்பதுதான் என் வருத்தம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் ஏல அறையிலேயே போட்டுப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. இந்த மாதம் எடுத்தால் கைக்கு வருவதைவிட அடுத்த மாதம் எவ்வளவு கூடும்? கூடுவதை இந்த மாதத் தொகையால் வகுங்கள். நம் சீட்டில் தொடக்கத்தில் 68,000-க்கு 1,500, அதாவது 2.2 வட்டி. கடைசியை நெருங்கும்போது 93,500-க்கு 1,500, அதாவது 1.6 வட்டி. உங்கள் பணத்தின் விலை இதற்குக் குறைவாக இருக்கும்வரை காத்திருங்கள். மேலே போகும் மாதத்தில் கேளுங்கள். நிஜத்தில் தள்ளு இப்படிச் சீராக இறங்காது. பள்ளி திறக்கும் ஜூனிலும் தீபாவளிக்கு முன்பும் கேட்பவர்கள் கூடித் தள்ளு ஏறும். அந்த மாதங்களில் ஒதுங்கி நின்று, அவை கழிந்ததும் கேட்பதுதான் இந்தக் கணக்கின் நேரடிப் பலன். ஜாமீன்தாரரையும் ஏலத்துக்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். ஏலம் எடுத்துவிட்டு ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு மாதம் அலைந்தால், அடுத்த மாதமே கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் 1,500 வீணாகிறது.

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் அவசரக்காரர்கள் நிறைந்த குழுவின் எண்கள். எல்லோரும் ஆசிரியரைப் போலப் பொறுமைசாலிகளாக இருந்தால் என்ன ஆகும்? முதல் தள்ளு 14,000-இல் தொடங்கி மாதம் 500 வீதம் குறைகிறது என்று வையுங்கள். கழிவு சொற்பமாகி, ஒருவர் கட்டும் மொத்தம் 95,725 ஆகிவிடும். கடைசியில் எடுப்பவருக்கு வருவது 95,000. இருபது மாதம் காத்திருந்தும் வட்டி இல்லை, கைப்பணத்திலேயே 725 குறைவு. முதலில் எடுப்பவருக்கோ கடனின் விலை 1.3 வட்டிக்குள் இறங்கிவிடுகிறது. ஆக, கடைசியில் எடுப்பவரின் லாபம் அவருடைய பொறுமையிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் அவசரத்திலிருந்து வருகிறது. சேருவதற்கு முன் அதே கம்பெனியில் முடிந்துபோன குழுவின் ஏலக் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

கமிஷனையும் கேளுங்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பை 7 ஆக்கியது. நம் முதல் உதாரணத்தில் 7 சதவீதம் பிடித்தால், ஆசிரியரின் 7,825 ரூபாய் லாபம் சுமார் 4,000-க்கு இறங்கிவிடும். வங்கித் தொடர்வைப்பே அதைவிட அதிகம் தரும்.

கடைசியாக ஆபத்து. கடைசிவரை காத்திருப்பவர், எடுத்துவிட்ட அத்தனை பேருக்கும் கடன் கொடுத்து நிற்பவர். சீட்டு பிடித்தவர் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் முதலில் எடுத்தவருக்கு நட்டமில்லை. ஆசிரியருக்குத்தான் எல்லாம் போகும். வங்கியைவிட அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 2,900 ரூபாய் இந்த ஆபத்துக்கான கூலி. 95,000-க்கு அது நூற்றுக்கு மூன்று. அப்படியானால் நூறு சீட்டில் மூன்று கடைசியில் கைவிரித்தாலே அந்தக் கூடுதல் முழுவதும் கரைந்துவிடும். பதிவில்லாத தெருச்சீட்டில் கடைசிக்குக் காத்திருப்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஏற்கமாட்டேன்.

என் தீர்ப்பு இதுதான். சேமிப்புக்காகச் சேர்ந்தவர், பதிவு செய்த சீட்டாகவும் தள்ளு அதிகம் போகும் குழுவாகவும் கமிஷன் ஐந்துக்குள்ளும் இருந்தால் கடைசியில் எடுக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வங்கியே மேல். மூன்று வட்டிக்கு மேல் கடன் சுமப்பவர், அந்தக் கடனை அன்றே அடைப்பதற்காக முதலில் எடுக்கட்டும். மற்றவர்களுக்கு எந்த மாதமும் லாபமில்லை. அந்த அறையில் ஆசிரியரும் தையல்கடை அம்மாவும் இருவருமே சரியாகத்தான் செய்தார்கள். ஆசிரியர் தவறியது அம்மாவைப் பார்த்துத் தலையாட்டியதில்தான். அவருக்கு வரவேண்டிய 7,825 ரூபாயில் அந்த அம்மா கொடுத்த தள்ளும் சேர்ந்திருந்தது.