கணக்கை ஒப்படைத்த கடிதம்

கும்பகோணத்தில் அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்திவரும் பித்தளைப் பாத்திரக் கடையொன்றில், அவர்களுடைய தகப்பனார் காலந்தொட்டுக் கணக்கெழுதி வந்த பெரியவர், மகள் வீட்டோடு போய் வசிப்பதென்று தீர்மானித்து முதலாளிகளிடம் கொடுத்த விலகல் கடிதத்தை, இரு தரப்பாரின் சம்மதத்தோடும் நான் படிக்க நேர்ந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே கையொப்பம், இடையில் ஒரே பக்கம், அவ்வளவுதான். ஆயினும், நல்லுறவோடு பிரிகிற ஒரு கணக்கர் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்ற விவேகம் இத்தனை பூரணமாக அமைந்த லிகிதத்தை நான் வேறு கண்டதில்லை.

முதலில் அதன் தேதியைப் பார்க்க வேண்டும். கடிதம் எழுதப்பட்டது ஜூன் 3. விலகும் நாள் ஜூலை 31. மார்ச் 31-இல் வருஷக் கணக்கு முடிந்து, சம்பளத்திலும் கூலியிலும் பிடித்தம் செய்த வருமான வரியின் கடைசிக் காலாண்டு விவரமும் மே 31-க்குள் தாக்கலாகிவிட்ட பின்புதான் அவர் பேனாவை எடுத்திருக்கிறார். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டும் வணிகர் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரியைக் கட்டி முடிக்கும் படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் அனுப்ப வேண்டுமென்பது விதி. ஆகவே இவர் விட்டிருக்கும் இடைவெளியில் அந்தச் சுற்று சரியாக இரண்டு முறை வருகிறது. 'ஜூன் மாதத்தில் நான் செய்வதைப் புதிதாக வருகிறவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்; ஜூலையில் அவர் செய்யட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று எழுதுகிறார். ஒரு மாத முன்னறிவிப்பு என்ற சம்பிரதாயம் சம்பளப் பட்டியலுக்குப் போதும், கணக்குக்குப் போதாது. தீபாவளிக்கு முன்பே விலகுவதால் கைக்கு வரவேண்டிய போனஸ் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றிக் கடிதத்தில் பிரஸ்தாபமே இல்லை.

விலகுவதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். காரணங்களை அடுக்க அடுக்க, வெளியே சொல்லாத காரணம் வேறொன்று இருக்கிறதோ என்ற சந்தேகம் படிப்பவர் மனத்தில் எழும். நன்றியும் இரண்டே வரிதான். ஆனால் அதில் ஒன்று, 'பெரியவர் எனக்கு முதல் நாள் கொடுத்த ரொக்கப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொன்னார். அதைக் கூடியவரை காப்பாற்றியிருக்கிறேன்' என்பது. காலமாகிவிட்ட முதலாளிக்கு அவர் மக்கள் முன்னிலையில் செலுத்தும் அஞ்சலியை இதைவிட அடக்கமாகச் செய்ய முடியுமா?

கடிதத்தின் ஜீவன் அதற்கடுத்த பத்தியில் இருக்கிறது. மே 31 அன்று ரொக்கப் புத்தகத்தின்படி வங்கி இருப்பு ரூ.2,76,740, வங்கிக் கணக்கு அறிக்கையிலோ ரூ.3,18,240. இடையிலுள்ள ரூ.41,500, சரக்கு கொடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தும் அவர்கள் இன்னும் வங்கியில் போடாத இரண்டு காசோலைகளின் தொகை என்று விளக்குகிறார்: ஒன்று ரூ.26,000, மற்றொன்று ரூ.15,500. இவ்வளவோடு நின்றிருந்தாலும் சரிகட்டும் பட்டியலுக்குக் குறைவில்லை. அவர் மேலே போகிறார்: 'இவற்றில் ரூ.26,000-க்கான காசோலை மார்ச் 10 தேதியிட்டது. மூன்று மாதக் கெடு ஜூன் 10-உடன் முடிகிறது. அந்த வியாபாரிக்கு நாளைக் காலை போன் செய்கிறேன். அவர் போடாவிட்டால், பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியது கொடுக்க வேண்டும். அதுவரை இத்தொகையை நம் பணமென்று நினைத்துச் செலவு செய்யலாகாது.' வங்கியில் தெரியும் பணத்தைக் கண்டு சரக்கு வாங்கிவிட்டு, பிறகு காசோலை திரும்பி வந்து நிற்கிற கடைகளை அறிந்தவர்களுக்கு, இந்தக் கடைசி வாக்கியத்தின் வாஞ்சை புரியும்.

அனாமத்துக் கணக்கைப் பற்றி எழுதியிருப்பது அதைவிட அழகு. பெயர் குறிப்பிடாமல் யாரோ வங்கியில் நேரே கட்டிய ரூ.4,750 அதில் நிற்கிறது. இதை விற்பனையில் சேர்த்து எழுதியிருந்தால் ஐந்தொகை மாசுமறுவில்லாமல் விளங்கியிருக்கும். விலகிப் போகிறவருக்கு அந்தச் சபலம் இயற்கை. ஆனால் அப்படிச் செய்தால், பணம் கட்டிய வாடிக்கையாளர் பேரில் பாக்கி அப்படியே நிற்கும். புதிதாக வந்தவர் ஒரு நாள் அவரிடமே போய்த் தாக்கீது கொடுப்பார். பாத்திரம் எதுவும் விற்காமல் விற்பனையும் அதன்மேல் வரியும் கணக்கில் ஏறும். நம் கணக்கர், 'திருவையாற்று வாடிக்கையாளராக இருக்கலாமென்பது என் அநுமானம், நிச்சயமில்லை. ரசீதோடு யாராவது வந்தால் அவர் பேரில் வரவு வைக்கவும்' என்று எழுதிவிட்டு, தொகையை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார். தெரிந்ததையும் ஊகித்ததையும் இப்படி வகை பிரித்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் நாணயம்.

இனி, அவர் சொல்லாமல் விட்டது. குடும்பக் கடையின் கணக்கர், எந்தச் சகோதரர் எந்த மாதம் எதற்காக எவ்வளவு எடுத்தார் என்பதை அவர்களுடைய மனைவியரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர். ஒருவருடைய சொந்தப் பற்று மற்றவருடையதைவிட மிகுந்திருக்குமானால், பிரியும் வேளையில் அதை நாசூக்காகச் சுட்டிக்காட்டுவது கடமையென்றுகூடத் தோன்றும். அவரோ, 'இரு முதலாளிகளின் சொந்தக் கணக்குகளையும் மே 31 வரை எழுதி முடித்து, இரண்டின் நகலையும் இருவரிடமும் கொடுத்திருக்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் ஒவ்வொரு கூட்டாளிக்கும் கடைப் புத்தகங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் உரிமை அளித்திருக்கிறது. அந்த உரிமையை இருவருக்கும் ஒரே அளவில் நிறைவேற்றியதில் அவருடைய கடமை தீர்ந்தது, அபிப்பிராயம் அவருடையதல்ல. தூற்றவுமில்லை, ஒருவர் பக்கம் சாயவுமில்லை.

சிறு கடைகளில் கணக்கர் போன பின் பெரும்பாலும் முளைக்கும் தொந்தரவு ஒன்றுண்டு. வரித் தளத்தில் பதிவு செய்த கைப்பேசி எண் அவருடையதாகவே இருந்துவிடும். கடவு எண் எங்கோ தூரத்திலிருக்கும் அவருக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கே தாக்கல் செய்யவேண்டிய கெடு தாண்டும். இவர், எண்ணை மூத்த முதலாளியின் எண்ணாக மாற்றிவிட்டதையும், தம் மேஜையில் இருந்துவந்த டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தை அவரிடமே சேர்ப்பித்ததையும் குறிப்பிடுகிறார். கடவுச் சொற்களைக் கடிதத்தில் எழுதாமல் ஒட்டிய உறையில் தனியே கொடுத்து, பிரித்தவுடன் மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறார். இவற்றைப் புதிய கணக்கரிடம் கொடுக்காமல் உடையவரிடம் கொடுத்ததை நான் மிகவும் மெச்சுகிறேன்.

முடிவில் ஒரு வேண்டுகோள்: 'ஜூலை 31 மாலை பெட்டியிலுள்ள ரொக்கத்தைத் தாங்களே எண்ணிப் பார்த்து, இந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டுத் தரவேண்டும்.' மூத்த முதலாளிக்கு முதலில் மனம் வருந்தியதாம். இத்தனை வருஷம் பழகியவரிடம் எண்ணி வாங்குவதா என்று. பிறகுதான், பின்னொரு நாள் நூறு ரூபாய் குறைந்தாலும் யாருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வரக்கூடாது என்பதற்காகவே அவர் இதைக் கேட்டிருக்கிறார் என்று விளங்கியிருக்கிறது. தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில்லறை வரை எண்ணி, இருவருமே ஒப்பமிட்டிருக்கிறார்கள்.