நான்கு எண்களில் ஒரு தீர்ப்பு

மெத்தனாலையும் நீரையும் பிரிக்கும் வுட்-பெர்ரி வடிகோபுரத்தில் திருப்ப இரண்டு வால்வுகள்: மேலே ரிஃப்ளக்ஸ், கீழே நீராவி. எது எந்தத் தூய்மையைக் காக்க வேண்டும்? 1966இல் பிரிஸ்டல் தந்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நிலைத்த நிலை ஆதாயங்கள் நான்கே போதும்: ரிஃப்ளக்ஸ், நீராவி என்ற வரிசையில் மேல் தூய்மைக்கு 12.8, -18.9, கீழ்த் தூய்மைக்கு 6.6, -19.4. இவற்றிலிருந்து ரிஃப்ளக்ஸ்-மேல் தூய்மை இணைப்புக்கான ஒப்பு ஆதாயம்:

λ = 1 / (1 − K₁₂K₂₁ / K₁₁K₂₂) ≈ 2

ரிஃப்ளக்ஸை மேல் தூய்மையுடன் இணைத்தால், மற்ற வளையம் மூடியதும் அதன் 12.8 ஏறக்குறைய 6.4 ஆகச் சுருங்கும். இழுபறி உண்டு, சமாளிக்கலாம். மாற்றி இணைத்தாலோ அந்த எண் ஏறக்குறைய -1. மற்ற வளையம் மூடியதும் ஆதாயத்தின் குறியே புரண்டுவிடும்; திருத்த வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவி பிழையை வளர்க்கும். வால்வைத் தொடுமுன்பே அதைச் சொல்லிவிடுகிறதே, அதுதான் அழகு! ஆனால் தாமதங்களை இந்த எண் பார்ப்பதில்லை.