இருபத்தொரு பேர், இருபது கோடு

கோவையில் பம்ப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சின்ன யூனிட். நண்பர் ஒருவர் அங்கே கணக்கு பார்க்கிறார். "எங்க ஆர்கனைசேஷன் சார்ட் சரியா இருக்கான்னு பாருங்களேன்" என்றார். லேமினேட் பண்ணி சுவரில் மாட்டியிருந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தப்பு.

முதலில் பெட்டிகளை எண்ணினேன். 23. சம்பளப் பட்டியலில் 21 பேர்தான். 'பர்சேஸ் மேனேஜர்', 'எச்.ஆர்.' என்ற இரண்டு பெட்டிக்கும் ஆளே இல்லை. ஆடிட்டுக்காகப் போட்டதாம். ஐஎஸ்ஓ 9001 கேட்பது, யாருக்கு என்ன பொறுப்பு, என்ன அதிகாரம் என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான். இல்லாத மேனேஜரை அது கேட்கவில்லை.

அடுத்து கோடுகள். முதலாளியைத் தவிர ஒவ்வொருவருக்கும் மேலே போகும் கோடு ஒன்றே ஒன்று இருக்கணும். 21 பேர் என்றால் 20 கோடு. அதைத் தெரிந்துகொள்ள எல்லோரிடமும் தனித்தனியாக மூன்று கேள்வி கேட்டேன். காலையில் என்ன வேலைன்னு யார் சொல்வாங்க? லீவு வேணும்னா யார்கிட்ட கேப்பீங்க? பீஸ் ரிஜெக்ட் ஆனா கடைசி முடிவு யாரோடது?

பத்து ஆபரேட்டர்களுக்கும் வேலை சொல்வது ஷிப்ட் சூப்பர்வைசர்தான். ஆனால் அவர்களில் ஏழு பேர் லீவை நேராக முதலாளிக்கு போன் போட்டு வாங்கிவிடுகிறார்கள். காலையில் மெஷின் சும்மா நிற்கும்போதுதான் சூப்பர்வைசருக்கு விஷயம் தெரிகிறது. வேலை சொல்லி, அதன் தரத்தையும் பார்ப்பவர் யாரோ அவருக்குத்தான் முழுக்கோடு. முதலாளிக்குப் போகும் லீவு வழியைப் புள்ளிக்கோடாகப் போட்டேன். ஏழு புள்ளிக்கோடுகளும் சூப்பர்வைசரின் தலைக்கு மேலே போவதைப் பார்த்ததும் முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெரிய கோளாறு தரம் பார்ப்பவரிடம் இருந்தது. சுவர்ப் படத்தில் அவர் நேராக முதலாளிக்குக் கீழே. மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் வேறு: "மேனேஜர் போகட்டும்னா போகட்டும்தான் சார்." மாதக் கடைசியில் உள்விட்டம் அளவு தாண்டிய ஒரு லாட் புஷ்ஷை அவர் நிறுத்தியிருக்கிறார். டெஸ்பாட்ச் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் அனுப்பச் சொல்லிவிட்டார். லாட் அப்படியே திரும்பி வந்தது. திட்டு வாங்கியது தரம் பார்ப்பவர்; படத்தின்படி அவர் மேனேஜருக்குக் கட்டுப்பட்டவரே இல்லையே!

அதனால் இரண்டு தாள் வரைந்து கொடுத்தேன். ஒன்று இன்று நடப்பது, தேதியோடு. அதில் அவருடைய கோடு மேனேஜருக்கே போகிறது. மற்றது இனி நடக்க வேண்டியது. அதில் முதலாளிக்குப் போகிறது. சுவர்ப் படத்தின் தப்பே இரண்டையும் ஒரே தாளில் கலந்ததுதான்.

ஒன்றைச் சொல்லியாகணும். இரண்டாவது தாளை மாட்டினால் மட்டும் போதாது. அடுத்த மாதக் கடைசியில் மேனேஜர் "போகட்டும்" என்னும்போது, நிறுத்தியவர் பக்கம் முதலாளி நிற்கணும். இல்லாவிட்டால் முதல் தாள்தான் உண்மை.